குறுக்கெழுத்தில் 'சமச்சீர்' என்றால் கண்ணாடி இல்லை

குறுக்கெழுத்து அமைப்பது பற்றி யார் தமிழில் எழுதினாலும் "கறுப்புக் கட்டங்கள் கண்ணாடி ஒப்பாக இருக்க வேண்டும்" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அது தவறு.

மூலச் சொல்லான 'சிம்மெட்ரி' கிரேக்கத்திலிருந்து வந்தது. 'கூட', 'அளவு' என்று பொருள்படும் இரண்டு துண்டுகள் சேர்ந்தது. நம்முடைய 'சமச்சீர்' அதற்கு நன்றாகவே பொருந்துகிறது, யாப்பில் சீர் என்பதும் ஓர் அளவுதானே. 'சம' வடசொல் என்று முகம் சுளிப்பவர்களுக்கு 'ஒத்தசீர்' இருக்கிறது. எனக்கு இரண்டும் சம்மதம். என் சண்டை 'கண்ணாடி ஒப்பு' என்பதோடுதான்.

சமச்சீரில் பல வகை உண்டு. கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாகத் திரும்புவது அதில் ஒன்று. குறுக்கெழுத்தில் வழக்கமாகக் கேட்பது அதை அல்ல. தாளை அரைச்சுற்று சுற்றித் தலைகீழாக வைத்தாலும் கறுப்புக் கட்டங்கள் அதே இடங்களில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பள்ளிக் கணக்கில் 'சுழல் சமச்சீர்' என்று படித்தோமே, அதே சங்கதி. நான் 'அரைச்சுற்றுச் சமச்சீர்' என்பேன், எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு பிடிவாதமா என்றால், இந்த ஐந்துக்கு ஐந்து கட்டத்தைப் பாருங்கள்:

```
த   லை  மு  றை  ■
ம்   ■   ன்  ■   க
ப   ம்   ப   ர   ம்
தி  ■   கு  ■   ப
■   எ   தி  ரா  ளி
```

இடமிருந்து வலம் தலைமுறை, பம்பரம், எதிராளி. மேலிருந்து கீழ் தம்பதி, முன்பகுதி, கம்பளி. தலைகீழாக்கினால் தலைமுறை இருந்த இடத்துக்கு எதிராளி வரும், தம்பதி இடத்துக்குக் கம்பளி வரும், நடுவில் உள்ள இரண்டும் தங்கள் இடத்திலேயே நிற்கும். ஆக, சொற்பட்டியலைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஒரே எழுத்து எண்ணிக்கை உள்ள சொற்களை இரண்டிரண்டாகச் சேர்ப்பது. ஜோடி இல்லாத சொல் நடு வரிசைக்கோ நடு நெடுக்குக்கோ போகலாம், இல்லாவிட்டால் பட்டியலை விட்டே போகலாம். 'கண்ணாடி ஒப்பு' என்று படித்தவர் என்ன செய்வார்? மேல் வலது மூலையில் கறுப்பைப் பார்த்ததும் மேல் இடது மூலையையும் கறுப்பாக்குவார். 'த' போய்விடும், அதோடு தலைமுறையும் தம்பதியும் போய்விடும். (மூலைக்கு மூலை சாய்வாகக் கண்ணாடி வைத்தால் இந்தக் கட்டம் பொருந்துகிறதே என்று யாரோ வருவார்கள். பொருந்தும். அது இந்தக் கட்டத்தின் தற்செயல், விதி இல்லை.)

இப்படி எழுதுபவர்கள் செய்யும் இன்னொரு கூத்து, ஆங்கில விதியை அப்படியே இறக்கி "ஒவ்வொரு எழுத்திலும் குறுக்கே இன்னொரு சொல் வெட்ட வேண்டும்" என்பது. ஆங்கிலத்திலேயே எல்லா வகைக் கட்டத்துக்கும் அந்த விதி கிடையாது. தமிழிலோ மெய்யெழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு, மெய்யில் தமிழ்ச் சொல் தொடங்காது, வல்லின மெய்யில் முடியவும் முடியாது. மேலே உள்ள கட்டத்தில் கீழ் வரிசைக்கு முதலில் 'தக்காளி' வைத்துப் பார்த்தேன். நான்கு எழுத்து, கம்பளியின் 'ளி'யும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் இரண்டாம் எழுத்தான 'க்' நடு நெடுக்குச் சொல்லின் கடைசிக் கட்டத்தில் விழுகிறது. 'க்'கில் முடியும் சொல்லுக்கு எங்கே போவது? அதனால்தான் எதிராளி வந்தார், அவருடைய 'தி'யில் முன்பகுதி முடிகிறது.

அதற்காக மெய்யே வெட்டக்கூடாது என்றும் இல்லை. பம்பரத்தின் கடைசி 'ம்' கம்பளியின் இரண்டாம் எழுத்தாக வெட்டுகிறது, உறுத்தவே இல்லை. நெடுக்குச் சொல் தொடங்கும் கட்டத்தில் மட்டும் மெய் வராமலும், முடியும் கட்டத்தில் வல்லின மெய் வராமலும் பார்த்துக்கொண்டால் பாதித் தலைவலி தீரும். மற்ற மெய்களை முடிந்தவரை குறுக்கே வேறு சொல் வெட்டாத கட்டத்துக்குத் தள்ளிவிடலாம், தம்பதியின் 'ம்' பக்கத்தில் கறுப்பை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பதுபோல.

சரி, விதியை எப்படி எழுதலாம் என்று கேட்டால்: "தாளை அரைச்சுற்று சுற்றித் தலைகீழாக வைத்தாலும் கறுப்புக் கட்டங்கள் இடம் மாறாமல் தெரிய வேண்டும்." இதில் கலைச்சொல்லே இல்லை, யாருக்கும் புரியும். கலைச்சொல் போட்டே தீருவேன் என்பவர்கள் அரைச்சுற்றுச் சமச்சீர் என்று போடட்டும், கண்ணாடியை மட்டும் விட்டுவிடுங்கள்.