மைக்ரேட்டிங் மோட்டார் காம்ப்ளெக்ஸ்: சொல்லும் பொருளும்

சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே குடல் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிறது என்று இப்போது பலரும் எழுதுகிறார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் பெயர்தான் மைக்ரேட்டிங் மோட்டார் காம்ப்ளெக்ஸ், சுருக்கமாக எம்எம்சி. வயிறு காலியாக இருக்கும்போது இரைப்பையிலும் சிறுகுடலிலும் விட்டுவிட்டு வந்து கீழே நகரும் தசை அசைவுகளின் சுழற்சிதான் அது. அடிக்கடி கொறித்தால் அது நின்றுபோகும் என்கிறார்கள் ஒரு சாரார். நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் அது நன்றாக வேலை செய்யும் என்கிறார்கள் இன்னொரு சாரார். முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது கூற்றை எம்எம்சி பற்றித் தெரிந்தவை ஆதரிக்கவில்லை.

முதலில் பெயர். மைக்ரேட்டிங் என்றால் இடம்விட்டு இடம் நகர்வது. மோட்டார் என்பது இங்கே எந்திரத்தைக் குறிக்கவில்லை. மருத்துவத்தில் தசையின் அசைவு சார்ந்த எதையும் அப்படித்தான் சொல்வார்கள். காம்ப்ளெக்ஸ் என்ற சொல்லும் ‘சிக்கலானது’ என்ற பொருளில் வரவில்லை. பதிவுக் கருவியில் ஒன்றாகச் சேர்ந்து வரும் அலைகளின் கூட்டத்துக்கு அந்தப் பெயர். இதயத்தின் மின்பதிவான ஈசிஜியிலும் ஒரு துடிப்பில் சேர்ந்து வரும் அலைகளைக் காம்ப்ளெக்ஸ் என்றே அழைக்கிறார்கள்.

பசித்த வயிற்றில் இப்படி விட்டுவிட்டு அசைவு வருவதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாவ்லோவின் ஆய்வகத்தைச் சேர்ந்த வாசிலி போல்டிரெவ் நாய்களிடம் கவனித்து எழுதினார். ஆனால் அந்த அசைவு ஓரிடத்தில் நிற்காமல் குடல் நெடுகக் கீழே ஊர்ந்து போகிறது என்பதை 1969இல்தான் ஜோசப் சுர்செவ்ஸ்கி தெளிவாகக் காட்டினார். நாயின் சிறுகுடலில் வரிசையாக மின்முனைகள் வைத்துப் பார்த்ததால், அவர் வைத்த பெயர் மைக்ரேட்டிங் எலக்ட்ரிக் காம்ப்ளெக்ஸ். பிறகு மின்னலைகளோடு தசைச் சுருக்கத்தின் அழுத்தத்தையும் அளக்கத் தொடங்கினார்கள். எலக்ட்ரிக் இருந்த இடத்துக்கு மோட்டார் வந்தது. 1970களில் சார்லஸ் கோட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இதைக் குடலின் வீட்டுப் பராமரிப்பாளர் என்ற பொருளில் ஹவுஸ்கீப்பர் என்று அழைத்தார்கள். சுத்தம் செய்கிறது என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது.

தமிழில் ‘நகரும் குடலியக்கத் தொகுதி’ என்பது பொருத்தமாக இருக்கும். மூலப்பெயரில் குடல் இல்லை. தமிழில் அதைச் சேர்க்காவிட்டால் எந்த இயக்கம் என்று புரியாது. இந்த இயக்கம் பெரும்பாலும் இரைப்பையில் தொடங்குகிறது என்பதால் ‘குடல்’ போதுமா என்று கேட்கலாம். ஆனால் இரைப்பையையும் சேர்த்துக் குடல் என்று பேசும் வழக்கம் நமக்கு உண்டு, அதனால் குழப்பம் வராது. ‘குடல் துப்புரவு அலை’ என்பது பேச்சுக்குச் சரி. ஆனால் அதையே கலைச்சொல்லாக வைத்துவிட்டால், முழுச் சுழற்சியில் ஒரு சிறு பகுதிதான் துப்புரவு என்பது மறைந்துவிடுகிறது.

அந்தச் சுழற்சியை மருத்துவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொன்னால் இது விளங்கும். மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயைச் சிறுகுடல்வரை இறக்குகிறார்கள். அதில் இடைவெளி விட்டு அழுத்த உணரிகள் இருக்கும். பசித்த வயிறோடு ஆள் படுத்திருக்க, திரையில் முதலில் கோடு ஏறக்குறைய தட்டையாக ஓடும். இது முதல் கட்டம், ஓய்வு; சுழற்சியின் பாதி நேரம் இதிலேயே போய்விடலாம். அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருக்கங்கள் தலைகாட்டும். இது இரண்டாம் கட்டம். பிறகு திடீரென்று சீப்பின் பற்களைப் போல உயரமான, ஒழுங்கான அலைகள் வரிசையாக வரும். இரைப்பையில் நிமிடத்துக்கு 3, முன்சிறுகுடலில் 11 அல்லது 12. ஓரிடத்தில் 5 முதல் 10 நிமிடம் நீடிக்கும் இந்த மூன்றாம் கட்டம்தான் கூட்டித் தள்ளும் பகுதி. அது முடிந்ததும் கோடு மறுபடி தட்டையாகும்.

மேல் உணரியில் முடிந்த அதே அலைக்கூட்டம் சற்று நேரத்தில் அடுத்த உணரியில் தெரியும், பிறகு அதற்கும் கீழே. இதுதான் நகர்வது. மேலே வேகமாகவும், கீழே போகப்போக மெதுவாகவும் ஊர்ந்து, சிறுகுடலின் கடைசியை எட்ட ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் மேலே அடுத்தது தொடங்கிவிடும். ஒரு சுழற்சி சராசரியாக 90 முதல் 120 நிமிடம் என்று எழுதுவார்கள். ஆனால் ஒரே ஆளிடமே இது நிறைய மாறும். எல்லா அலையும் கடைசிவரை போய்ச் சேருவதும் இல்லை.

இரைப்பையில் தொடங்கும் மூன்றாம் கட்டத்துக்கு முன்னால் மோட்டிலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடுகிறது. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இதே மோட்டிலினுக்கான ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் இரைப்பை மந்தமான நோயாளிகளுக்கு அதைக் குறைந்த அளவில் கொடுக்கும் வழக்கம் வந்தது. பசியில் வயிறு உறுமுவதும் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில், காற்றும் திரவமும் ஒன்றாகத் தள்ளப்படும்போது.

இனி கொறிப்பது பற்றி. கலோரி உள்ள எதுவும் உள்ளே போனதும் இந்தச் சுழற்சி நின்று, குடல் வேறொரு முறைக்கு மாறுகிறது: இடைவிடாத, ஒழுங்கில்லாத, அரைத்துக் கலக்கும் அசைவு. ஒரு முழுச் சாப்பாட்டுக்கு இது ஏறக்குறைய 3 முதல் 6 மணி நேரம் நீடிக்கும். கொழுப்பு கூடினால் நேரமும் கூடும். சிறு தீனிக்கு நேரம் குறைவு, ஆனால் மாற்றம் நடக்கத்தான் செய்யும். வெறும் தண்ணீர் அப்படி மாற்றிவிடாது.

இது ஏட்டளவில் இருக்கும் விஷயம் அல்ல என்பதற்கு மாத்திரையே சாட்சி. சாப்பிட்ட நிலையில் இரைப்பையின் வாசல் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக அரைபட்ட துணுக்குகளைத்தான் வெளியே விடும். அமிலத்தில் கரையாத உறை போட்ட பெரிய மாத்திரை ஒன்றைக் காலைச் சாப்பாட்டோடு விழுங்கினால், அது அரைபடாது. மூன்றாம் கட்டம் வந்து தள்ளும்வரை இரைப்பையிலேயே கிடக்க வேண்டியதுதான். அந்தக் கட்டம் வருவதற்குள் பிஸ்கட், அப்புறம் மதியச் சாப்பாடு, அப்புறம் மாலைத் தீனி என்று போய்க்கொண்டே இருந்தால், அது மணிக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும். இப்படி நடப்பது மருந்தியலில் நன்றாகத் தெரிந்த ஒன்று. சில மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆக, கொறிப்பது சுழற்சியைத் தள்ளிப்போடுகிறது, உண்மைதான். ஆனால் தள்ளிப்போடுவது வேறு, கெடுப்பது வேறு. ஒருவர் காலை 8 மணிக்குச் சாப்பிட்டு, 10.30க்குப் பிஸ்கட்டும் பால் கலந்த காபியும், 1 மணிக்கு மதியச் சாப்பாடு, 4.30க்குத் தீனி, 8.30க்கு இரவுச் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். பகல் முழுக்க முழுமையான ஒரு சுழற்சிகூட அவருக்கு ஓடாமல் போயிருக்கலாம். ஆனால் இரவுச் சாப்பாட்டின் வேலை 12.30 வாக்கில் முடிந்தால், மறுநாள் 7.30 வரை 7 மணி நேரம் இருக்கிறது. 100 நிமிடத்துக்கு ஒன்று என்று பார்த்தால் நான்கு சுழற்சி. தூக்கத்திலும் இது ஓடும். இரண்டாம் கட்டம் மட்டும் மிகவும் குறைந்துவிடும். அவரே இரவு 11 மணிக்கு மறுபடி எதையாவது கொறித்து, விடிந்ததும் 6.30க்குச் சாப்பிட்டாலும், மூன்று சுழற்சியாவது தேறும். பகலில் கொறிப்பவரைவிட, இரவில் எழுந்து எழுந்து சாப்பிடுபவருக்குத்தான் இது உண்மையில் குறைகிறது.

இந்த அலைகள் இல்லாமலே போனால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 1977இல் வான்ட்ராப்பன் என்ற மருத்துவ ஆய்வாளரும் அவரது குழுவினரும், சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகிய நோயாளிகள் சிலரிடம் இந்தத் தொகுதி அறவே இல்லாமலோ மிகவும் குலைந்தோ இருப்பதைக் கண்டார்கள். ஆனால் அப்படிக் குலைப்பவை நரம்பையும் தசையையும் தாக்கும் நோய்கள்: நீண்டநாள் சர்க்கரை நோய், தோலும் உள்ளுறுப்பும் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா போன்றவை. நல்ல உடல்நலத்தோடு இருப்பவர் கொறிப்பதால் மட்டும் அந்த நிலைக்குப் போவார் என்று நிரூபிக்கப்படவில்லை. பாக்டீரியா பெருக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சாப்பாடுகளுக்கு இடையே 4, 5 மணி நேரம் விடச் சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அலைகள் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும்போது அது நியாயமான யோசனைதான். அதை எல்லோருக்கும் சட்டமாக்குவதற்குக் காரணம் இல்லை.

நீண்ட பட்டினி சுழற்சியை நிறுத்துவதில்லை. அதே சமயம் அதைக் கூட்டுவதும் இல்லை. இரைப்பை காலியானதும் ஓடத் தொடங்கும் சுழற்சி, சாப்பிடும்வரை அதே ஓய்வும் அதே அலையுமாகத் திரும்பத் திரும்ப வருகிறது. முதல் சில சுழற்சிகளிலேயே மிச்சம் மீதி கீழே போய்விடும். 20ஆம் மணி நேரத்தில் வரும் அலை 6ஆம் மணி நேரத்தில் வந்ததைவிட ஆழமாகச் சுத்தம் செய்யும் என்பதற்கு அடிப்படை கிடையாது. பட்டினியால் வேறு பலன் உண்டா என்பது தனிக் கேள்வி; அதற்கு எம்எம்சியைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

நாள்கணக்கில் நீண்டால் சங்கடம் வேறு இடங்களில் வருகிறது. பித்தப்பை இந்தச் சுழற்சியோடு சேர்ந்து கொஞ்சம் பித்தத்தைத்தான் வெளியே விடும். அது நன்றாகக் காலியாக வேண்டுமானால் கொழுப்புள்ள சாப்பாடு வேண்டும். உணவு வராமலே இருந்தால் பித்தம் தேங்கிக் குழம்பும், கல் உண்டாக வழிவகுக்கும். வாய்வழி உணவே இல்லாமல் ரத்தக்குழாய் வழியாக மட்டும் வாரக்கணக்கில் ஊட்டம் பெறுபவர்களிடமும், மிகக் குறைந்த கலோரியில் வேகமாக இளைப்பவர்களிடமும் இதைப் பார்க்கிறார்கள். மிக நீண்ட காலம் குறைவாகச் சாப்பிட்டு உடல் வற்றியவர்களுக்கு, மறுபடி சாப்பிடும்போது இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். கொஞ்சம் சாப்பிட்டதுமே நிறைந்துவிட்டது, உப்புகிறது என்பார்கள். குடலில் அழுக்கு மிச்சமிருப்பதால் வந்த உப்புசம் என்று நினைத்து அவர்கள் மறுபடி பட்டினியில் இறங்கினால் நிலைமை மோசமாகும். அந்த மந்தம் தேறுவது, பழையபடி சாப்பாடு உள்ளே போகத் தொடங்கிய பிறகுதான்.