சந்திப்பு வேளையா, நேர இடைவெளியா?

‘ஒருவருக்கொருவர் சந்திப்புக்கான உங்கள் நேர இடைவெளியை முன்பதிவு செய்யுங்கள்.’ புத்தக உரிமைச் சந்தை ஒன்றுக்கு வந்த அழைப்பின் தமிழ் மொழிபெயர்ப்பில் இருந்த வரி இது. ஏழெட்டுச் சொற்களில் மூன்று பிழைகள். இதே வரியை வெவ்வேறு கண்காட்சிகளின் அறிவிப்புகளில் பலமுறை பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நடப்பது என்னவென்று பார்ப்போம். ஃபிராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தை ஆண்டுதோறும் அக்டோபரில் நடக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பு உரிமையை விற்கும் முகவர்களுக்குத் தனிக் கூடம் உண்டு. வரிசையாக மேசைகள் இருக்கும். வாங்க வரும் பதிப்பாளர் பல வாரங்களுக்கு முன்பே முகவருக்கு எழுதி, நாள், மணி, மேசை எண் எல்லாவற்றையும் உறுதி செய்துகொண்டுதான் போவார். ஒரு சந்திப்புக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம். அது முடிந்ததும் அதே மேசையில் அடுத்தவர் உட்காருவார். 2023இல் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சியால் இந்த வழக்கம் நம் பதிப்பாளர்களுக்கும் பழகிவிட்டது. இந்த அரை மணிக்கூறைத்தான் ‘ஸ்லாட்’ என்கிறார்கள். பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல் அது. பள்ளம், குழிவு என்பது முதற்பொருள். பிறகு காசு போடும் துளைக்கும், அப்புறம் அட்டவணையில் ஒருவருக்கென விட்ட இடத்துக்கும் ஆகிவந்தது.

அந்தத் துளையைப் பார்த்துத்தான் யாரோ ‘இடைவெளி’ என்று எழுதியிருக்க வேண்டும். தமிழில் இடைவெளி என்பது இரண்டுக்கு நடுவே ஒன்றும் இல்லாத இடம். பேருந்து அரை மணி இடைவெளியில் வரும் என்றால், அந்த அரை மணியில் பேருந்து இல்லை. ஸ்லாட்டோ ஆள் உட்கார்ந்து பேசும் நேரம். பொருள் நேர் எதிராகிவிடுகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. அதே அழைப்பில் ‘30 நிமிட நேர இடைவெளியில் சந்திப்புகள்’ என்றும் இருந்தது. சிறு பதிப்பகம் நடத்தும் என் நண்பர் அதைப் படித்து, ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே அரை மணி ஓய்வு என்று எடுத்துக்கொண்டார். தமிழ் தெரிந்தவர் அப்படித்தானே படிப்பார்? காலை 9 முதல் மாலை 5 வரை அரை மணி வீதம் பார்த்தால் 16 பேரைச் சந்திக்கலாம். அவர் கணக்கில் எட்டுப் பேர்தான். அட்டவணையிலோ சந்திப்புகள் அடுத்தடுத்து இருந்தன. முதல் சந்திப்பு பத்து நிமிடம் நீண்டது. ஓய்வு நேரம்தானே என்று பேசிக்கொண்டே இருந்தார். அதற்குள் அடுத்தவர் மேசையருகே வந்து நின்றுவிட்டார். இவர் போகவேண்டிய மேசையிலோ அந்த முகவர் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

உண்மையில் இந்த ஏற்பாட்டில் பெரிய சிக்கலே இடைவெளி இல்லாததுதான். ஒரு கூடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவே நேரம் பிடிக்கும். ஒன்று தாமதித்தால் பின்னாலுள்ள எல்லாமே தள்ளிப்போகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நடுவில் ஓர் அரை மணியை வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். அதற்குத்தான் இடைவெளி என்று பெயர். அந்தச் சொல்லை ஸ்லாட்டுக்குக் கொடுத்துவிட்டால் இதை என்னவென்று சொல்வது?

நான் சொல்வது ‘வேளை’. வடமொழி உறவைக் காட்டித் தூயதமிழ் நண்பர்கள் இதை மறுப்பார்கள். எனக்குத் தெளிவுதான் முதல். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு வேளை மருந்து என்று, குறித்த செயலுக்குக் குறித்த பொழுதை இப்படித்தானே சொல்கிறோம். ‘முறை’யையும் எண்ணிப் பார்த்தேன். வாய்க்கால் நீர் பாய்ச்ச முறை வைப்பதுபோல அழகாகவே இருக்கிறது. ஆனால் ‘சந்திப்பு முறை’ என்றால் சந்திக்கும் விதம் என்றாகிவிடும். ‘உங்கள் வேளை 10.30–11.00, மேசை 14’, ‘பிற்பகலில் காலி வேளை உண்டா?’ என்று எழுதிப் பாருங்கள், தடங்கல் இல்லை.

‘ஒன்-டு-ஒன்’ என்பதற்கு ‘ஒருவருக்கொருவர்’ என்று எழுதுவதும் ஆகாது. ‘ஒருவருக்கொருவர் உதவினார்கள்’ என்று வினையோடு வரவேண்டிய சொல் அது. மேலும் மேசைக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர்கூட உட்காரலாம். மற்றவர்கள் கலக்காத பேச்சு என்பதே கருத்து. ‘தனிச் சந்திப்பு’ போதும்.

‘முன்பதிவு’ இன்னும் மோசம். ரயிலில் இருக்கையை நாம் பதிவு செய்கிறோம். இருக்கை சம்மதம் சொல்வதில்லை. இங்கே நாம் கேட்க, எதிர்த்தரப்பு ஏற்கவும் மறுக்கவும் செய்யலாம். கோரிக்கை அனுப்பியதையே பதிவானதாக நினைத்துப் போய் நின்றவர்கள் உண்டு. இரு வீட்டாரும் ஒப்பி நாள் குறிப்பதுபோல இதுவும் இருவர் சேர்ந்து குறிப்பது. ஆகவே ‘முன்குறித்த தனிச் சந்திப்பு’, அதன் அரை மணிக்குச் ‘சந்திப்பு வேளை’.

அந்த அழைப்பை எழுதியவர் ஒரு சந்தையிலாவது மேசை போட்டு உட்கார்ந்திருந்தால் ‘இடைவெளி’ என்று எழுதியிருக்கவே மாட்டார். மொழிபெயர்க்கத் தருகிறவர்கள் வெறும் வரியைத் தருகிறார்கள், அட்டவணையைக் காட்டுவதில்லை. வாங்கி மொழிபெயர்க்கிறவர்களும் அதைக் கேட்பதில்லை.