தொடர் இருப்பு: ‘நிலுவை’ என்று எழுதுவோருக்கு ஒரு மறுப்பு

வங்கிக் கணக்கு விவரத் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது ராமநாதபுரம் கடற்கரையில் தினசரி நடக்கிற காரியம். கீழக்கரையிலும் தொண்டியிலும் வீட்டில் இருப்பவர்கள் அனுப்ப, துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர் படித்துச் சொல்வார். பாம்பனிலும் மூக்கையூரிலும் நண்டு, கணவாய் போட்ட பணம் வந்துவிட்டதா என்று பார்க்கப் படகுக்காரர் அனுப்புவார். அந்தத் தாளின் வலது ஓரத்தில், ஆங்கிலத்தில் ‘ரன்னிங் பேலன்ஸ்’ எனப்படும் கட்டத்துக்கு இப்போது ‘நிலுவை’ என்று ஒரு தமிழ்ப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில செயலிகளின் தமிழ்ப் பக்கத்தில் ‘ஓடும் நிலுவை’, இன்னும் சிலவற்றில் ‘இயங்கும் சமநிலை’. முதலாவது தவறு, இரண்டாவது வேடிக்கை.

வேர் கதையைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பேலன்ஸ் என்பது இரண்டு தட்டுள்ள தராசைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வரவை ஒரு தட்டிலும் பற்றை மறு தட்டிலும் வைத்தால் எந்தப் பக்கம் எவ்வளவு கூடுதலோ, அதுதான் கணக்கில் பேலன்ஸ். தராசைப் பிடித்துக்கொண்டு ‘சமநிலை’ என்று மொழிபெயர்த்தவர், தட்டு சமமாக நின்றால் கணக்கில் சுழியம்தான் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

‘நிலுவை’ அப்படித் தள்ளிவிடக்கூடிய சொல் அல்ல, அதனால்தான் அதோடு கொஞ்சம் மல்லுக்கு நிற்க வேண்டியிருக்கிறது. அது நல்ல தமிழ்ச் சொல். ‘நில்’ என்பதிலிருந்து பிறந்தது, தீராமல் நின்றுபோனது என்று பொருள். வரி நிலுவை, சம்பள நிலுவை, நிலுவையில் உள்ள வழக்கு என்று எங்கே சொன்னாலும் யாரோ யாருக்கோ செய்ய வேண்டியது ஒன்று பாக்கி நிற்கிறது. பழைய அகராதியில் பேலன்ஸ் என்ற பொருளும் இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். இருக்கிறது. ஆனால் பேச்சில் வாழ்கிற பொருள் பாக்கிதான். சேமிப்புக் கணக்குத் தாளில் ‘நிலுவை ரூ. 11,217.56’ என்று பார்க்கும் ஒரு தாய், “ஏப்பா, இதை யாருக்குக் கட்டணும்?” என்றுதான் கேட்பார். கேள்வியில் தவறில்லை. அவருடைய பணத்தை அவருடைய கடனாக்கிக் காட்டியது மொழிபெயர்ப்பு. அதே இடத்தில் ‘பாக்கி’ என்று போட்டிருந்தால் யாரும் ஏற்றிருக்க மாட்டார்கள், சிரித்திருப்பார்கள். தமிழ் உடுப்பு போட்டு வந்ததால் நிலுவையை விட்டுவிட்டோம்.

சரியான சொல் நம்மிடம் எப்போதும் இருந்தது: இருப்பு. ‘இரு’ என்பதன் பெயர். ஊர்ச் சங்கக் கணக்கில் கையிருப்பு, கடைக் கணக்கில் சரக்கிருப்பு. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ‘இருப்பு கீ/கொ’, ‘இருப்பு கீ/இ’ என்று சொல்லும். இருப்பாய்வு, இருப்புநிலைக் குறிப்பு என்று பாடநூல் ஒரு குடும்பத்தையே இந்த வேரில் கட்டி வைத்திருக்கிறது. ‘மீதி’ என்றும் பேச்சில் சொல்கிறோம், அதில் பெரிய குற்றமில்லை. ஆனால் மீதி என்றால் ஏதோ ஒன்றில் செலவு போக எஞ்சியது. பணம் வந்து தொகை ஏறும் வரியில் அந்தச் சொல் கொஞ்சம் இடறும்.

அடுத்து ‘ஓடும்’. ஒவ்வொரு வரிக்கும் அந்த வரி முடிந்த நிலையில் இருப்பு எவ்வளவு என்று எழுதிக்கொண்டே போவதால் ஆங்கிலத்தில் அதை ஓடுவதாகச் சொல்கிறார்கள். நமக்கு ஓடுவது படகும் நீரோட்டமும். ‘நடப்பு இருப்பு’ என்றால் நடப்புக் கணக்கோடு குழம்பும். முந்தைய வரியின் தொகையைத் தொட்டுத் தொட்டு அடுத்தது வருவதால் ‘தொடர் இருப்பு’ என்பது பொருந்தும். அந்தத் தொடர்ச்சிதான் அந்தக் கட்டத்தின் முழுப் பயனும். எப்படி என்று ஒரு தாளை வைத்துப் பார்க்கலாம். விளக்கத்துக்காக எழுதிய எண்கள் இவை. படத்தின் மேற்பகுதி வெட்டுப்பட்டு, கட்டத் தலைப்புகள் போய்விட்டன. ஓர் இலக்கம் மங்கியிருக்கிறது, அதைக் கேள்விக்குறியாகப் போட்டிருக்கிறேன்.

```
14-06-25 B/F                   4,312.40Cr
16-06-25 NEFT      18,500.00  22,812.40Cr
16-06-25 UPI/5167.. 6,?50.00  16,262.40Cr
17-06-25 ATM WDL    5,000.00  11,262.40Cr
17-06-25 ATM CHG       27.14  11,235.26Cr
18-06-25 SMS CHG       17.70  11,217.56Cr
```

முதல் வரி ‘B/F’ என்பது முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த இருப்பு. அது பணம் போட்டதும் அல்ல, எடுத்ததும் அல்ல. இரண்டாவது வரியில் 18,500 வந்ததா போனதா என்று தலைப்பு இல்லாமல் எப்படித் தெரியும்? இருப்பு 4,312.40இலிருந்து 22,812.40 ஆக ஏறியிருக்கிறது. வித்தியாசம் சரியாக 18,500. எனவே வரவு, வியாபாரி போட்ட பணம் வந்து சேர்ந்துவிட்டது. மூன்றாவது வரியில் மங்கிய இலக்கம் 5ஆ 8ஆ என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டாம். 22,812.40இல் 16,262.40ஐக் கழித்தால் 6,550.00. ஆக அது 5. வங்கித் தாளின் படத்தில் வழக்கமாகக் குழப்புவது 3, 5, 8 என்ற கூட்டமும் 1, 7 என்ற இணையும். எதற்கும் இதே கழித்தல்தான்.

இருப்புக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ‘Cr’ வரவுப் பக்க இருப்பு, அதாவது பணம் உங்களுடையது. இதை ‘கடன்’ என்று மொழிபெயர்த்து வைத்திருக்கும் இடங்களும் உண்டு! வங்கி தன் பார்வையில் எழுதுகிறது. நீங்கள் போட்ட பணம் வங்கி உங்களுக்குத் தர வேண்டியது, அதனால் ‘Cr’. நமக்கு வரவு என்று படித்தால் போதும். வரியின் விவரத்தில் ‘DR’ என்று வந்தால் பற்று, கணக்கிலிருந்து எடுத்தது. பற்று வரவு என்ற சொல் மளிகைக்கடை நோட்டு வரை போயிருக்க, செயலி எழுதுகிறவர்களை மட்டும் எட்டாமல் போனது எப்படியோ.

பைசாவில் முடியும் சிறு தொகைகளைக் கண்டதும் கட்டணமா என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் பணம் அனுப்பும்போது பெரும்பாலும் முழு ரூபாய்தான், கட்டணத்தில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்வதால் பைசா வால் முளைக்கிறது. 27.14ஐ 1.18ஆல் வகுத்தால் 23. இலவச எண்ணிக்கையைத் தாண்டி ஏடிஎம்மில் எடுத்தால் வங்கி வாங்கக்கூடிய உச்சத் தொகை 2025 மே 1 முதல் அதுதான். 17.70ஐ வகுத்தால் 15, குறுஞ்செய்திக் கட்டணம். வகுத்தபின் முழு ரூபாய் வராவிட்டால் அது வட்டியாகவோ வேறு பிடித்தமாகவோ இருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை 20 அல்லது 436 என்று முழு ரூபாயாகப் போனால் கட்டணம் என்று சண்டைக்குப் போக வேண்டாம். பிரதமர் பெயரிலுள்ள விபத்துக் காப்பீட்டுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் உரிய ஆண்டுச் சந்தா அவை.

யுபிஐ வரியில் வரும் குறிப்பு எண் 12 இலக்கம். அதன் முதல் நான்கு இலக்கம் பொதுவாக ஒரு தேதி: முதலாவது ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5167 என்றால் 2025இன் 167ஆவது நாள், அதாவது ஜூன் 16. தேதிக் கட்டம் மடிப்பில் மறைந்த படங்களில் இது கைகொடுக்கும்.

ஒரு வரியின் தொகையும் இருப்பு வித்தியாசமும் பொருந்தவில்லை என்றால் உடனே வங்கியைக் குற்றம் சொல்லக் கூடாது. முதலில் திசையைப் பாருங்கள். பாஸ்புக்கில் பழையது மேலே, புதியது கீழே. பல செயலிகளில் புதியது மேலே. அங்கே ஒரு வரியின் இருப்பை அதற்குக் கீழே உள்ள வரியோடு ஒப்பிட வேண்டும், மேலே உள்ளதோடு அல்ல. திசை சரியாக இருந்தும் இடறினால் இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு வரி விடுபட்டிருக்கலாம். முதல் படத்தின் கடைசி இருப்பும் இரண்டாம் படத்தின் முதல் வரிக்கு முந்தைய இருப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். எவ்வளவு தொகை இடிக்கிறதோ, விடுபட்ட வரிகளின் நிகரத் தொகை அவ்வளவே. பாஸ்புக்கில் இன்னொரு தொல்லை, அச்சு ஒரு வரி இறங்காமல் முந்தையதன் மேலேயே விழுந்திருக்கும். அங்கே படத்தை எத்தனை முறை எடுத்தாலும் பயனில்லை, புதிதாக அச்சடிக்கச் சொல்ல வேண்டும். மற்றபடி தாளை மேசையில் தட்டையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், பகல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது சுருங்கும். ஆவணமாக அனுப்பினால் இலக்கம் அப்படியே போகும்.

நிலுவையை மொத்தமாக விரட்டச் சொல்லவில்லை. அதற்கு உரிய தாள் ஒன்று இருக்கிறது. நகைக்கடன் கணக்கின் விவரத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே அதே வலது ஓரக் கட்டத்தில் தொகைக்குப் பின்னால் ‘Dr’ நிற்கும், அல்லது முன்னால் கழித்தல் குறி. கட்டக் கட்ட இறங்கும், வட்டி ஏற்றிய நாளில் ஏறும். அது வங்கிக்கு நாம் தர வேண்டியது. அங்கே நிலுவை என்பதே நேர்மையான சொல். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே தலைப்பு, தமிழில் இரண்டு சொல் கேட்கிறது. ஒரே சொல்லை எல்லாத் தாளிலும் ஒட்டிவிட்டுப் போகிற மொழிபெயர்ப்பாளர் அகராதியைத் திறக்கிறார், தாளைத் திறப்பதில்லை. இரண்டில் எது என்று தீர்மானிக்க அவருக்கு நேரமில்லை என்றால், ‘பேலன்ஸ்’ என்றே தமிழ் எழுத்தில் போட்டுவிடட்டும். அதைக் கண்டு யாரும் தன் பணத்தைக் கடன் என்று நினைத்துப் பதற மாட்டார்கள்.