ஜீவனாம்சம்: சம்பளத்தில் எவ்வளவு பிடிக்கலாம்?

ஜீவனாம்ச உத்தரவு கைக்கு வந்ததும் அடுத்த மாதமே கணவர் சம்பளத்தில் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பல பெண்கள் காத்திருக்கிறார்கள். அப்படித் தானாக எதுவும் நடக்காது. அவர் கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனு போட்டு, சம்பளத்தை ஜப்தி செய்யும்படி நீங்கள்தான் கேட்க வேண்டும். "பேசிப் பார்க்கலாம், கொஞ்சம் பொறும்மா" என்று சொல்பவர்களை நம்பி இருந்துவிடாதீர்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் (இப்போது பி.என்.எஸ்.எஸ். 144) ஒவ்வொரு மாதத் தொகைக்கும் அது சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். தாண்டிய மாதங்களுக்கு அந்தப் பிரிவில் வாரண்ட் கிடைக்காது.

சரி, எவ்வளவு பிடிக்கலாம்? சாதாரணக் கடன் என்றால் சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. ஜீவனாம்சத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவில் தனி விதி. மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மீதி இரண்டு பங்கையும் ஜப்தி செய்யலாம். அவர் அலுவலகக் கணக்குப் பிரிவில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "மூன்றில் ஒரு பங்குதான் பிடிப்போம்" என்று திருப்பி அனுப்புவார்கள். 25 சதவீதம்தான் என்றும் சிலர் சொல்வார்கள். அது 2017-இல் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்தை நிர்ணயிக்கும்போது சொன்ன அளவு. வசூலுக்கான வரம்பு அல்ல.

ஜப்திக்குரிய சம்பளம் 36,000, உத்தரவு மாதம் 8,000, நிலுவை 12 மாதம் என்று வைத்துக்கொள்வோம். 12,000 அவருக்கு, 24,000 வரை பிடிக்கலாம். நடப்பு மாதத்துக்கு 8,000 போக மிச்சம் 16,000 நிலுவைக்குப் போனால், 96,000 ரூபாய் ஆறு மாதத்தில் தீரும். ஆனால் மனுவில் நிலுவை, இனி வரும் மாதங்கள் இரண்டையும் கேட்டிருக்க வேண்டும். நிலுவையை மட்டும் எழுதிவிட்டால் அது தீர்ந்ததும் பிடித்தமும் நின்றுவிடும்.

அப்புறம், பே ஸ்லிப் விளையாட்டு. சொசைட்டி கடன், எல்.ஐ.சி., பண்டிகை முன்பணம் எல்லாம் கழித்து "கையில் வருவதே 9,000தான்" என்று காட்டுவார். அவராக வாங்கிய கடன் உங்கள் பங்கைக் குறைக்காது. மொத்தச் சம்பளம் தெரியும் பே ஸ்லிப்பையும், அவர் தாக்கல் செய்த சொத்து விவரப் பிரமாணப் பத்திரத்தையும் மனுவோடு சேருங்கள்.

மனுவில் நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. சம்பளம் பட்டுவாடா செய்யும் அதிகாரியின் பதவியும் முகவரியும் வேண்டும். கிளை அலுவலகத்துக்குப் போன ஆணை "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று மாதக்கணக்கில் மேசையில் கிடக்கும். சரியான இடத்துக்கு ஆணை போய்ச் சேர்ந்த பிறகும் பிடிக்காமல் முழுச் சம்பளத்தையும் கொடுத்தால், அந்தத் தொகைக்கு அலுவலகமே பொறுப்பு. ஆணை சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். அவர் வேலை மாறினால் பழைய ஆணை புது முதலாளியைத் தேடிப் போகாது. புது அலுவலகத்தின் பெயரில் மறுபடி மனு போட வேண்டும்.