பதினைந்து நிமிடக் காவல்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் இரண்டு கோடை லைஃப்கார்டாக இருந்திருக்கிறேன். மே மாதத்தில் சாயங்காலம் 4 மணிக்கு நாற்காலியில் ஏறினால் 6 மணிக்குத்தான் இறங்குவேன். ஒரு நாள் ஐந்தரை மணி இருக்கும். ஆழமான பக்கத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் தண்ணீருக்குள் போய்விட்டான். பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சியின் காலில் ஏதோ தட்டுப்பட, முங்கி அவனைத் தூக்கிவிட்டார். பையன் இருமினான், அழுதான், பிழைத்துக்கொண்டான். "தம்பி, நீ எங்கடே பாத்துக்கிட்டு இருந்த?" என்று அண்ணாச்சி கேட்டார். அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கவில்லை, போனை எடுக்கவில்லை, யாரோடும் பேசவில்லை. கண் அங்கேதான் இருந்தது, பையன் மட்டும் தெரியவில்லை.

இது எப்படி நடக்கும் என்று பிறகு தேடிப் படித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் ரேடார் திரையைப் பார்ப்பவர்கள், நேரம் ஆக ஆக, திரையில் தெளிவாகத் தெரியும் புள்ளிகளையே தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் இதை ஆராய ஒரு வெற்றுக் கடிகாரத்தைச் செய்தார். அதன் முள் நொடிக்கு ஒரு தடவை நகரும். எப்போதாவது ஒரு தடவை மட்டும் இரட்டைத் தூரம் தாவும். தாவும்போது பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்ததில், முதல் அரை மணிக்குள்ளாகவே தவறவிடுவது கூடத் தொடங்கியது. அரை மணி பார்த்து, அரை மணி ஓய்வெடுத்து, மறுபடி பார்த்தவர்களிடம் இந்தச் சரிவு வரவில்லை. முடிவுகளை 1948இல் வெளியிட்டார்.

இதற்கு இரண்டு விதமாகக் காரணம் சொல்கிறார்கள். ஒன்று, விடாமல் கவனிப்பது சும்மா இருப்பதுபோலத் தெரிந்தாலும் மூளைக்குக் கடும் உழைப்பு, அந்தத் தெம்பு தீர்ந்துபோகிறது. இன்னொன்று, ஆயிரம் தடவை பார்த்தும் ஒன்றும் இல்லையென்றால் மூளை "ஒன்றும் இருக்காது" என்று முன்கூட்டியே முடிவு செய்யப் பழகிக்கொள்கிறது. இரண்டுமே சேர்ந்து நடக்கலாம். குளத்தில் மூழ்குபவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை என்பதால், நம் வேலை அந்தக் கடிகாரத்தைவிட மோசமானது.

தண்ணீரில் மூழ்குபவர் நாம் நினைப்பதுபோல் கத்தவும் மாட்டார். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் லைஃப்கார்டாக இருந்த ஃபிராங்க் பியா இதைப் படம் பிடித்துக் காட்டினார். வாய் தண்ணீருக்கு மேலே வரும் கணத்தில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கிறது, குரல் எழுப்ப இல்லை. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், உடம்பு நேராக நிற்கும், கால் உதைக்காது. இப்படி 20 முதல் 60 நொடி வரை. அதற்குப் பிறகு உள்ளே போய்விடுவார். தாமிரபரணியில் நீந்திப் பழகிய நம் ஆட்கள் பலர், முங்குகிறவன் கையை வீசிக் கூப்பிடுவான் என்றே நம்புகிறார்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், பார்ப்பவரின் கவனம் அந்த நிமிடத்தில் இருந்தே ஆக வேண்டும்.

ஆளை மாற்றி மாற்றி உட்கார வைப்பது அதற்காகத்தான். நம் ஊர் மலையடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவர்கள் பரணில் முறை மாற்றிக்கொள்வார்கள். ராத்திரி முழுக்க ஒரே ஆள் கண் விழித்தால் விடியற்காலையில் பன்றி வயலுக்குள் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். குளத்தில் அந்த முறையை எவ்வளவு நேரத்துக்கு ஒரு தடவை, எந்த வரிசையில் மாற்றுவது என்பதுதான் கணக்கு.

ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். ஆழம் குறைந்த பக்கம் ஒரு நாற்காலி, நடுவில் ஒன்று, ஆழமான பக்கம் ஒன்று, ஆக மூன்று காவல் இடங்கள். வேலைக்கு 5 பேர். எந்த நேரமும் மூன்று பேர் பார்க்க, இரண்டு பேர் வெளியே இருக்கலாம். அதாவது ஒவ்வொருவரும் 100 நிமிடத்தில் 60 நிமிடம் பார்ப்பார், 40 நிமிடம் ஓய்வெடுப்பார். இந்த விகிதத்தை அட்டவணையால் மாற்ற முடியாது. ஆள் எண்ணிக்கையும் இடங்களின் எண்ணிக்கையும் அதைத் தீர்மானித்துவிடுகின்றன. அட்டவணை தீர்மானிப்பது, அந்த 60 நிமிடம் ஒரே மூச்சாக வருமா, துண்டு துண்டாக வருமா என்பதை மட்டும். இதை நான் புரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது.

பலரும் போடும் வரிசை, ஒன்று, இரண்டு, மூன்று, ஓய்வு, ஓய்வு என்று போகும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை மாறினால், ஒருவர் 60 நிமிடம் தொடர்ந்து பார்க்கிறார், பிறகு 40 நிமிடம் சும்மா இருக்கிறார். நாற்காலி மாறுவதால் காட்சி மாறி கொஞ்சம் விழிப்பு வரும், ஆனால் கண்ணுக்கும் மூளைக்கும் வேலை ஒன்றே. மூன்றாவது நாற்காலியில் உட்காரும்போது அவர் மேக்வொர்த்தின் சரிவுக்குள் ஆழமாகப் போயிருப்பார். அந்த மூன்றாவது நாற்காலிதான் ஆழமான பக்கத்தில் இருக்கிறது என்பது இன்னும் மோசம்.

வரிசையை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஆழமான பக்கம், ஓய்வு, ஆழம் குறைந்த பக்கம், நடு, ஓய்வு. 15 நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லோரும் ஒரு இடம் நகர்கிறார்கள். இப்போது ஒருவர் 15 நிமிடம் ஆழத்தைப் பார்க்கிறார், 15 நிமிடம் ஓய்வு, 30 நிமிடம் மற்ற இரண்டு இடங்கள், மறுபடி 15 நிமிடம் ஓய்வு. ஒரு சுற்று 75 நிமிடம், அதில் 45 காவல், 30 ஓய்வு. விகிதம் பழையதுதான், ஆனால் தொடர்ச்சியாகப் பார்ப்பது எப்போதும் 30 நிமிடத்தைத் தாண்டாது. ஆழமான பக்கத்துக்கு ஓய்வெடுத்துவிட்டு வருபவர்தான் எப்போதும் உட்காருகிறார். ஒரு ஆள்கூடக் கூடுதலாக வைக்காமலே இது கிடைக்கிறது.

அப்படியானால் 5 நிமிடத்துக்கு ஒரு தடவை மாறலாமே என்று தோன்றும். அது சரிவராது. 5 நிமிட ஓய்வில் தண்ணீர் குடித்து, நிழலில் உட்கார்ந்து, மூச்சு அடங்குவதற்குள் கிளம்ப வேண்டும். அப்புறம், ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஆபத்தான கணம். மூன்று நாற்காலி என்றால் 15 நிமிட முறையில் மணிக்கு 12 தடவை கை மாறுகிறது. 5 நிமிட முறையில் அது 36 ஆகிவிடும். என்னைக் கேட்டால், ஓய்வு 15 நிமிடத்துக்குக் குறையக் கூடாது.

கை மாறும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புதிதாக வருபவர் குளத்தின் ஓரமாக நடந்து வரும்போதே அந்தப் பகுதியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். முதலில் அடித்தரை, பிறகு நடுத்தண்ணீர், கடைசியில் மேல்பரப்பு. தரை தெளிவாக இருப்பதைப் பார்த்த பிறகு, நாற்காலிக்குக் கீழே மிதவைக் குழாயோடு நின்று, "நான் பார்க்கிறேன்" என்று சத்தமாகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் மேலே இருப்பவர் இறங்கலாம். இறங்கி நின்று அவர் தண்ணீரைப் பார்க்க, புதியவர் ஏறுவார். ஏறி உட்கார்ந்து மறுபடி "நான் பார்க்கிறேன்" என்று சொன்னதும் பழையவர் கிளம்பலாம். இடையில் சொல்ல வேண்டியதைச் சொல்வார்கள். நீல டிரவுசர் பையன் கயிற்றைப் பிடித்தே போகிறான், அந்தப் பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது, இந்த மாதிரி. பேசும்போது இரண்டு பேரின் முகமும் தண்ணீரைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் தொடங்கிய காலத்தில் இதில்தான் தவறினோம். மரியாதைக்காக முகத்தைப் பார்த்துப் பேசுவது நம் பழக்கம், அந்த அரை நிமிடம் குளத்தை யாருமே பார்க்கவில்லை.

மூன்று நாற்காலியும் ஒரே நேரத்தில் மாறக் கூடாது. ஓய்விலிருந்து வருபவர் முதல் நாற்காலியை விடுவித்த பிறகே அடுத்தது. ஒரு நாற்காலியில் மாற்றம் நடக்கும்போது மற்ற இரண்டும் அசையாமல் இருக்கும்.

திருநெல்வேலி வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதத்தில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. நாற்காலிக்குக் குடை இல்லையென்றால் 15 நிமிடமே அதிகம். சாயங்கால வெயில் மேற்கிலிருந்து தண்ணீர்மேல் விழும்போது, மேற்கே பார்க்கிற நாற்காலியிலிருந்து கண்ணாடிபோல ஒரே மினுமினுப்புத்தான், தரை தெரியாது. அங்கே யாரை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோசனம் இல்லை. நாற்காலியைத்தான் எதிர்ப்பக்கம் தூக்கிப் போட வேண்டும். ஓய்வில் இருக்கும் இரண்டு பேரில் ஒருவர் நுழைவுச் சீட்டு பார்ப்பது, ஷவர் பக்கம் போய்வருவது போன்ற வேலை செய்யலாம், கண்ணுக்கு அது மாற்றம். இன்னொருவர் நிழலில் சும்மா இருக்க வேண்டும். போனில் வீடியோ பார்ப்பதை நான் ஓய்வாகச் சேர்க்க மாட்டேன், திரையை வைத்த கண் வாங்காமல் பார்ப்பதும் காவல்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வரவில்லை, 4 பேர்தான். மூன்று இடத்தையும் வைத்துக்கொண்டால் 45 நிமிடம் பார்த்து 15 நிமிடம் ஓய்வு என்று ஆகிவிடும். சில நாடுகளின் வழிகாட்டுதல்கள் 60 நிமிடம்வரை அனுமதிக்கின்றன, அதற்கு உட்பட்டதுதான் இது. இருந்தாலும் மே மாத வெயிலில், கூட்டமான பேட்சுக்கு நான் இதைச் செய்ய மாட்டேன். ஆழமான பக்கத்தைக் கயிறு போட்டு அடைத்துவிட்டு, ஆட்களையும் குறைத்து உள்ளே விட்டால், இரண்டு நாற்காலி போதும். 15 நிமிடம் காவல், 15 நிமிடம் ஓய்வு. காசு கொடுத்து வந்தவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

முறை வேலை செய்கிறதா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. நீச்சல் பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் செங்கல்லில் கறுப்புத் துண்டைச் சுற்றி, சொல்லாமல் தரையில் போடுவது. அந்த நேரம் விவரம் தெரிந்த கூடுதல் ஆள் ஒருவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 10 நொடிக்குள் கண்ணில் பட வேண்டும், அடுத்த 20 நொடிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது லைஃப்கார்டுகள் பயிற்சியில் வைத்திருக்கும் அளவு. காவல் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் ஒரு நாள், முடியப்போகும் நேரத்தில் இன்னொரு நாள் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் காவல் நேரம் நீளம் என்று அர்த்தம். துண்டு இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். தலை திரும்புவது நின்று பார்வை ஒரே இடத்தில் குத்தி நிற்கிறதா என்று தூரத்தில் இருந்து கவனித்தால் போதும்.

கடைசியாகக் கடிகாரம். எங்கள் குளத்தில் அது நாற்காலிக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. உட்கார்ந்திருப்பவர் நிமிடத்துக்கு ஒரு தடவை மணி பார்ப்பார், எப்போது ஆள் வருவார் என்று. அதைக் கழற்றி ஓய்வறைக்குள் மாட்டினோம். நேரம் பார்க்கும் பொறுப்பு ஓய்வில் இருப்பவருக்குப் போனது, அவர் எழுந்து ஆழமான பக்கம் நடக்கத் தொடங்கினால் சுற்று தொடங்கியது என்று அர்த்தம்.