நெல் நுனியில் நிற்பது பனித்துளி அல்ல

“தாத்தா ஊர் வயல், காலை ஆறு மணி. நுனிக்கு நுனி பனித்துளி.” விடுமுறைக்கு ஊருக்குப் போன வாசகர் ஒருவர் தான் எடுத்த படத்துக்குக் கீழே இப்படி எழுதி அனுப்பியிருக்கிறார். நட்டு மூன்று வாரம் ஆன பயிர். ஒவ்வோர் இலையின் கூர்நுனியிலும் ஒரே ஒரு துளி, விழாமல் நிற்கிறது. பனி ஏன் நுனியாகப் பார்த்து உட்காருகிறது என்பது அவருடைய கேள்வி.

அது பனியே இல்லை. பனி காற்றிலிருந்து வருவது. குளிர்ந்து கிடக்கும் எதன்மேலும் படியும். அதே படத்தில் வரப்போரச் சிலந்தி வலையிலும், இலையின் தட்டையான பரப்பிலும் பொடிப்பொடியாகத் தெரிகிறதே, அதுதான் பனி. நுனியில் தனித்து நிற்கும் பெரிய துளி, பயிர் தன் உள்ளிருந்து வெளியே தள்ளிய நீர். பாடப்புத்தகத்தில் ‘நீர்வடிதல்’ என்று ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஆற அமர நின்று பார்க்க வேண்டிய விஷயம் அது.

பகலில் இலைத்துளைகள் வழியாக நீராவி வெளியேறுகிறது. அந்த இழுப்பில் வேரிலிருந்து நீர் மேலே வருகிறது. இரவில் துளைகள் மூடி, இழுப்பு நின்றுவிடுகிறது. வேர் மட்டும் ஓய்வதில்லை. மண்ணிலிருக்கும் பொட்டாசியம், நைட்ரேட் போன்ற உப்புகளை, ஆற்றலைச் செலவு செய்து உள்ளே இழுத்து, நீரை மேலே கொண்டுபோகும் சைலம் குழாய்க்குள் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. சேர்த்த உப்பு செல்களின் இடுக்கு வழியாகத் திரும்பக் கசிந்துவிடாதபடி, வேரின் அகத்தோல் செல்களைச் சுற்றி நீர்புகாத ஒரு பட்டை இருக்கிறது. உப்பு உள்ளே மாட்டிக்கொள்கிறது; அதைத் தேடி நீர் உள்ளே வருகிறது; குழாயில் அழுத்தம் ஏறுகிறது. இதுதான் வேரழுத்தம். பொதுவாக ஒன்று, இரண்டு வளிமண்டல அழுத்தம் வரை போகும். ஒரு வளிமண்டல அழுத்தமே நீரைப் பத்து மீட்டர் தூக்கிவிடும் என்பதால், முழங்கால் உயரப் பயிருக்கு அது தாராளம்.

மேலே வந்த நீர் வெளியேற நுனியில் வழி இருக்கிறது. இலை நரம்புகள் முடியும் இடத்தில் நெகிழ்வான செல்கள், அவற்றின் மேல் சின்னஞ்சிறு நீர்த்துளைகள். இவை இலைத்துளைகளின் உறவுதான், ஆனால் மூடத் தெரியாதவை. வெளியே போகும் நீரிலிருந்து கொஞ்சம் உப்பை அந்த நெகிழ்ந்த செல்கள் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்: கதவில்லாத வாசலில் ஒரு காவல்.

உப்பை இழுக்க ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்சிஜன் வேண்டும். நீர் கட்டிய சேற்றில் ஆக்சிஜன் ஏது? நெல்லின் தண்டிலும் வேரிலும் நீளவாக்கில் காற்றறைகள் ஓடுகின்றன. இலை வழியாக இறங்கும் காற்று, சேற்றுக்குள் இருக்கும் வேர்நுனி வரை போய்ச் சேர்கிறது.

சந்தேகம் இருந்தால் விடியற்காலையில் ஒரு நுனித்துளியை மை உறிஞ்சும் தாளால் ஒற்றி எடுத்துவிட்டுக் காத்திருங்கள். சில நிமிடங்களில் அதே இடத்தில் புதிய மணி திரளும். துடைத்த பனி அப்படித் திரும்பாது. இன்னும் உறுதியாகத் தெரிய, ஒரு டம்ளரில் நான்கைந்து நாற்றுகளை வளர்த்து, லிட்டருக்குப் பத்து கிராம் சமையல் உப்பு கரைத்த நீரை மண் முழுதும் நனைய மாலையில் ஊற்றுங்கள். மறுநாள் காலை நுனி வறண்டிருக்கும். அந்தக் கரைசல் நீரைத் தன் பக்கம் இழுக்கும் வலு சுமார் எட்டு வளிமண்டல அழுத்தம். வேரால் அதை வெல்ல முடியாது. அந்த நாற்று பிழைக்காது என்பதால் வயலில் இதைச் செய்யக் கூடாது. வயல் காய்ந்தாலும் இதே கதைதான்: இறுகிய மண் நீரை விடாது, துளி வராது.

மூட முடியாத வாசல் என்பதற்கு ஒரு விலையும் உண்டு. வெயில் ஏறி நீராவிப்போக்கு தொடங்கியதும், நுனியில் மிஞ்சிய துளி உள்ளே உறிஞ்சப்படுகிறது. அதில் பாக்டீரியா இருந்தால் அதுவும் சேர்ந்து நேராகக் குழாய்க்குள் போகிறது. நெல்லின் பாக்டீரியா இலைக்கருகல் நோய் நுழையும் முக்கிய வழிகளில் ஒன்று இது. அதனால்தான் கருகல் பெரும்பாலும் நுனியில் தொடங்கி, இலையின் ஓரமாக அலையலையான மஞ்சள் கோடாக இறங்கி, பிறகு வைக்கோல் நிறமாகிறது. ஓரத்தில் காலையில் தெரியும் துளி தெளிவாக இல்லாமல் பால்போலக் கலங்கியோ, காய்ந்து மஞ்சள் மணியாகவோ இருந்தால் ஐயப்பட வேண்டும். பச்சையும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளரில் உள்ள தெளிந்த நீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து சில நிமிடங்களில் பால்நூல் போல ஒன்று இறங்கும். அது பாக்டீரியாக் கூட்டம்.

நாற்று உயரமாகிவிட்டால் நுனியைக் கிள்ளிவிட்டு நடும் பழக்கம் உண்டு. தண்டுத்துளைப்பானின் முட்டைகள் நுனியோடு போய்விடும் என்பது அதன் நியாயம். கருகல் வழக்கமாக வரும் வயலில் கிள்ளாமல் நடுவதே நல்லது. கிள்ளிய ஒவ்வொரு நுனியும் இன்னும் அகலமான வாசல்.