30 கிலோவில் கைக்கு எத்தனை கிலோ?

நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். வயது 29. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பின் இரு பக்கமும் மூன்று கிழமைகளாக வலி. குனியும்போது பெரிதாக ஒன்றுமில்லை. பின்னால் சாய்ந்தால்தான் பிடிக்கிறது. கணினி முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை, மூட்டை சுமப்பதில்லை, விழவும் இல்லை. ஜிம்முக்குப் போவதுண்டா என்று கேட்டேன்.

"போகிறேன் அண்ணா. ஆனால் கைக்கு மட்டும்தான் செய்கிறேன். முதுகுக்கு ஒன்றுமே செய்வதில்லை."

கைத்தொலைபேசியில் வீடியோ வைத்திருந்தார். இரண்டு கையாலும் பார்பெல்லைப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்கும் பைசெப்ஸ் கேர்ல். தண்டும் தட்டுகளுமாக 30 கிலோ. பார்பெல் தொடையருகே தொங்குகிறது. முதலில் முழங்கால் மடங்குகிறது, உடம்பு முன்னால் சரிகிறது, பிறகு இடுப்பு ஒரு வெட்டு வெட்டுகிறது. பார்பெல் பறந்து மேலே வருகிறது. உச்சியில் அவர் உடம்பு வில்லாக வளைந்து பின்னால் சாய்ந்திருக்க, முழங்கை நெஞ்சுக்கு முன்னால் வந்திருந்தது, தோள் காதுக்குக் கிட்டே ஏறியிருந்தது. அடுத்த கணம் பார்பெல் கீழே விழுந்தது. இப்படி எட்டுத் தடவை. முதுகுக்கு ஒன்றும் செய்வதில்லை என்றவர் எட்டுத் தடவையும் முதுகுக்குத்தான் செய்திருந்தார்.

இயன்மருத்துவர்களுக்கு இது பழகிய காட்சி. பக்கவாதம் வந்தவர் கையைத் தூக்க முயலும்போது கை எழாது; தோள் எழும், உடம்பு மறுபக்கம் சாயும். தளர்ந்த தசையின் வேலையைப் பக்கத்துத் தசைகள் எடுத்துக்கொள்கின்றன. எங்கள் வேலையில் பாதி, இந்தக் கள்ள அசைவைக் கண்டுபிடிப்பதுதான். ஜிம்மில் நடப்பதும் அதுவே. அங்கே தசை தளர்ந்திருக்கவில்லை, பாரம் கூடியிருக்கிறது என்பதுதான் வேறுபாடு.

சுவரோடு நிற்கச் சொன்னேன். குதிக்கால் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி; பிட்டம், முதுகு, தலை மூன்றும் சுவரில் படவேண்டும்; மேற்கை விலாவோடு. இப்படி நின்றால் உடம்பை ஆட்ட இடமில்லை. அதே 30 கிலோவை அவரால் ஒரு தடவை முக்கித் தூக்க முடிந்தது. இரண்டாவது தடவை முன்கை தரைக்குக் கிடையாக வந்த இடத்தில் நின்றுவிட்டது. 20 கிலோவுக்கு இறங்கியபோது ஒன்பது தடவை சுத்தமாக வந்தது.

அது நடுவில் நின்றதற்குக் காரணம் இருக்கிறது. முழங்கை ஒரு கீல். பாரம் அந்தக் கீலிலிருந்து கிடைமட்டமாக எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறதோ, அவ்வளவுக்குத் தசை பாடுபட வேண்டும். கை நேரே தொங்கும்போது பாரம் முழங்கைக்கு நேர் கீழே இருப்பதால் தூரம் அநேகமாகப் பூச்சியம். முழங்கையை 30 பாகை மடக்கும்போது, முன்கை நீளத்தில் பாதித் தூரம். முன்கை கிடையாக வரும்போது முழு நீளமும், அதாவது உள்ளங்கை வரை ஏறக்குறைய 33 சென்டிமீற்றர். அங்கே தசைக்கு விழும் சுமை, 30 பாகையில் விழுந்ததைப்போல் இரண்டு மடங்கு. அதற்கு மேலே போகப்போகத் தூரம் மறுபடி குறைகிறது. ஆகவே கேர்லில் கீழும் மேலும் இலேசு, நடுப்பகுதிதான் மலை.

இடுப்பால் வெட்டும்போது, இலேசான அந்தக் கீழ்ப்பகுதியிலேயே பாரத்துக்கு வேகம் ஏற்றப்படுகிறது. அந்த வேகத்தைக் கொடுப்பவை பிட்டத் தசையும், தொடையின் பின்தசையும், முதுகை நிமிர்த்தும் நீண்ட தசைகளும். செக்கனுக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் மேல்நோக்கி விடப்பட்ட எந்தப் பொருளும், யாரும் தொடாமலே சுமார் 11 சென்டிமீற்றர் ஏறிவிடும். முழங்கை 30 பாகையில் மடங்கியிருக்கும் நிலையிலிருந்து முன்கை கிடையாகும் வரை பாரம் ஏறவேண்டிய உயரமே ஏறக்குறைய 29 சென்டிமீற்றர்தான். மலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இனாமாகக் கடந்துபோகிறது. மிச்சத்தில் ஒரு பகுதியைத் தோளின் முன்தசை முழங்கையை முன்னே தள்ளி எடுத்துக்கொள்கிறது. உச்சியில் முன்கை செங்குத்தாகிப் பாரம் முழங்கைக்கு மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால், பைசெப்ஸுக்கு அங்கே ஓய்வுதான்.

எங்கள் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கயிற்றைப் பிடித்து, குதியை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒரே தாளத்தில் இழுப்பார்கள். கை அங்கே வெறும் கொளுக்கி. இழுப்பது காலும் இடுப்பும். கையால் மட்டும் இழுக்கிறவன் வலை கரைக்கு வருமுன் களைத்துவிடுவான். வேலை என்று வந்தால் அது நல்ல புத்தி. வலை கரைக்கு வரவேண்டும், யார் இழுத்தால் என்ன? கேர்லில் கரைக்கு வரவேண்டிய மீன் எதுவும் இல்லை. குறிப்பிட்ட ஒரு தசைக்குக் களைப்பு வரவேண்டும் என்பதற்காகவே அந்தப் பாரத்தைத் தூக்குகிறோம்.

"ஆட்டித் தூக்கினால் கை வளராது" என்று நானே சில காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியல்ல. 2025இல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகப் பயிற்சி தொடங்கிய இளையவர்களை ஒரு கையால் ஒழுங்காகவும் மற்றக் கையால் உடம்பை ஆட்டியும் எட்டு வாரம் செய்யவைத்தார்கள். ஆட்டிய கைக்குப் பாரம் கூட. ஆனால் இறுதியில் இரு கைத் தசைகளும் ஏறக்குறைய ஒரேயளவுதான் தடித்திருந்தன. நான் இதைப் புரிந்துகொள்வது இப்படி: கூடுதலாக ஏற்றிய கிலோக்களால் கைக்கு நட்டமில்லை, இலாபமும் இல்லை, அந்தக் கிலோக்களின் கணக்கைத் தீர்த்தது வேறு தசைகள். தம்பியின் விடயத்தில் கணக்குத் தீர்த்த முதுகு, இப்போது என் மேசையில் படுத்திருக்கிறது. பின்னால் வளையும்போதெல்லாம் முதுகெலும்பின் பின்புறத்துச் சிறு மூட்டுகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. சாயும்போது மட்டும் வலிப்பது அதற்குப் பொருந்தி வருகிறது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது பார்பெல் இறங்கும் விதம். வேகமாகத் தூக்குகிறவர்கள் பெரும்பாலும் வேகமாகவே விடுகிறார்கள். விழுகிற 30 கிலோவைக் கீழே, முழங்கை இன்னும் சற்று மடங்கியிருக்கும்போது, திடீரென்று தாங்கிப் பிடிப்பது பைசெப்ஸின் கீழ்த் தசைநாண். அது அறுவது அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் அறும்போது பெரும்பாலும் இப்படித்தான் அறுகிறது: மடங்கிய முழங்கையைப் பாரம் வலிந்து நீட்டும்போது. அதிகம் ஆளாகிறவர்கள் 40 வயது தாண்டிய ஆண்கள். புகைப்பவர்களுக்கும், தசை வளர ஸ்டீரொயிட் ஏற்றுகிறவர்களுக்கும் ஆபத்து இன்னும் கூட. முழங்கைக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம், பிறகு கன்றிப்போன நீலம், மேற்கையில் தசை மேல்நோக்கிச் சுருண்டு நிற்பது, திருகாணியைத் திருகவோ இறுகிய குழாயைத் திறக்கவோ பலமில்லாமை. இப்படியானால் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. அன்றைக்கோ மறுநாளோ வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது சுலபம். பிந்தினால் நாண் சுருங்கி மேலேறிவிடும்.

நீங்கள் ஆட்டுகிறீர்களா என்று அறியச் சுவர் கூடத் தேவையில்லை. முன்கை கிடையாக வரும் இடத்தில் ஒரு செக்கன் நிறுத்திப் பாருங்கள். தசை தூக்கிய பாரம் நிற்கும். வீசிய பாரம் நிற்காது. ஒன்று மேலே ஓடும், அல்லது கீழே விழும். பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்தால் இன்னொன்றும் தெரியும்: முழங்கை மடங்குவதற்கு முன்னரே முழங்கால் அசைகிறதா என்று.

இவ்வளவும் சொன்ன பிறகு, தம்பிக்கு நான் ஆட்டத்தை முற்றாகத் தடைசெய்யவில்லை. முதல் மூன்று கிழமை தடை. முதுகு தணியும் வரை. அதன் பிறகு ஒரு சிறு உந்தலைக் கற்றுக்கொடுத்தேன்.

20 கிலோவில் ஒன்பது சுத்தமாக வருகிறது, பத்தாவது நடுவில் நின்றுவிடுகிறது. அப்போது தசை முழுவதும் தீர்ந்துபோகவில்லை. அந்த மலையைத் தாண்ட மட்டும் பலம் போதவில்லை. தசைக்கு ஒரு குணம் உண்டு: தூக்க முடியாத பாரத்தையும் அது மெதுவாக இறக்கிவிடும். சுருங்கும்போது இருப்பதைவிட, நீளும்போது அதற்குப் பலம் கூட. ஆகவே பத்தாவதில், பார்பெல் நின்ற இடத்தில், முழங்காலை இரண்டு விரற்கடை மடக்கி நிமிர்த்தும் அளவுக்கு ஓர் உந்தல். அது நடுப்பகுதியைத் தாண்டியதும் உடம்பு அசையாமல் நிற்கவேண்டும். பிறகு மூன்று எண்ணும் வரை மெல்ல இறக்கவேண்டும். பலன் அந்த இறக்கத்தில்தான் இருக்கிறது. உந்தல் அங்கே கொண்டுபோய் விடுகிற வண்டி. இப்படி இரண்டு தடவை போதும். மூன்று எண்ணி இறக்க முடியாமல் பாரம் நழுவினால், அத்துடன் அன்றைய சுற்று முடிந்தது.

அதைவிட நல்ல உதவி ஒன்றும் உண்டு, பெரும்பாலோர் அதைக் கவனிப்பதில்லை. உட்கார்ந்து ஒரு கையால் டம்பெல் தூக்குங்கள்; நின்றுபோகும் இடத்தில் மற்றக் கையின் இரண்டு விரலால் மணிக்கட்டைத் தாங்கிவிடுங்கள். முதுகுக்கு வேலையே இல்லை, உதவியின் அளவும் உங்கள் விரலில் தெரியும். முழங்கை முறிந்து மாவுக்கட்டு அவிழ்த்தவர்களுக்கு நான் நாளாந்தம் செய்விப்பது இதுதான். ஒரு பெரியம்மா வெறுங்கையை மடக்கவே மற்றக் கையால் தாங்கினார். நாள் போகப்போகத் தாங்கும் விரல்கள் நான்கு, இரண்டு, ஒன்று என்று குறைந்தன.

பழகத் தொடங்கிய முதல் மாதங்களில் இந்த உந்தல் வேண்டாம். சுத்தமான அசைவு எது என்று உடம்புக்கு இன்னும் தெரியாது. முதுகுவலி இருப்பவர்களுக்கும், முழங்கையின் முன்பக்கம் நோகிறவர்களுக்கும் வேண்டாம். முதுகுவலியோடு கால் விறைப்பும், சிறுநீர் போவதில் மாற்றமும் வந்தால் அது கேர்ல் பற்றிய கதையல்ல; உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

எட்டாவது கிழமை தம்பி திரும்ப வந்தார். பின்னால் சாய்ந்து காட்டினார், வலியில்லை. சுவரோடு 22.5 கிலோவில் எட்டு, கூடவே உந்தலோடு இரண்டு. மேலே கொண்டுபோவதைவிட இறக்குவதுதான் அவருக்கு இன்னும் அவசரம். மூன்று எண்ணச் சொன்னால் இரண்டரையில் முடித்துவிடுகிறார்.

"30க்கு எப்போது போகலாம் அண்ணா?"

25 கிலோ சுவரோடு எட்டுத் தடவை வரட்டும், பிறகு பேசலாம் என்றேன். ஜிம்மில் கூட்டாளிகள் சிரிக்கிறார்களாம். அவர்களையும் சுவரோடு நிற்கச் சொல்லிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஒருவர் நின்றாராம், தட்டைக் கழற்றிவிட்டுத்தான்.